அடிக்கு முன் ஓர் அறிகுறி

(விளையாட்டு வடிவமைப்பு பயிலும் மாணவர்களிடையே நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வீடியோ கேம் என்று நாம் வழங்கும் ஆட்டங்களில், வழிநெடுகச் சில்லறை எதிரிகளை வீழ்த்திக்கொண்டு வந்தவனுக்கு எதிரே ஒரு கதவு சாத்திக்கொள்ள, இசை மாற, தன்னினும் பன்மடங்கு வலிமை பெற்ற ஒருவன் வந்து நிற்கிறானே, அவனை ‘பாஸ்’ என்றும், அவனோடு நிகழும் போரை ‘பாஸ் ஃபைட்’ என்றும் சிறுவர் முதல் பெரியவர் வரை எல்லோரும் சொல்லுகிறார்கள். நானும் அப்படியே சொல்லப் போகிறேன். அந்தப் போரை அமைப்பதிலுள்ள சூக்குமங்கள் பல. எதிரியின் உருவம், இசை, கதை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒரு மாலைப் பொழுது வேண்டும். ஆதலால் நான் இன்று எடுத்துக்கொள்வது ஒரே ஒரு விஷயம்: எதிரி அடிக்கப் போகிறான் என்பதை ஆடுபவன் எப்படி அறிகிறான், அறிந்தபின் அவனுக்கு எவ்வளவு அவகாசம் கிடைக்கிறது, போர் ஒரு கட்டத்திலிருந்து அடுத்த கட்டத்துக்கு ஏறும்போது அந்த அறிவு அவனுக்குத் துணை நிற்கிறதா, அல்லது அவனைக் கைவிடுகிறதா என்பதே அது.

பொதுப்படப் பேசிக்கொண்டே போனால் கேட்பவருக்கும் பயனில்லை, சொல்பவனுக்கும் பொறுப்பில்லை. எனவே உங்களில் பலரும் ஆடியிருக்கக்கூடிய ஒரு போரை முன்னே வைத்துக்கொண்டு பேசுகிறேன். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் ‘டீம் செர்ரி’ என்னும் சிறு குழுவினர் ஆக்கி 2017ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ஹாலோ நைட்’ என்ற ஆட்டத்தில், காளான்கள் அடர்ந்த பாழ்நிலத்துக்கு அடியே கும்பிடுபூச்சிகளின் ஊர் ஒன்று இருக்கிறது. அவ்வூரை ஆள்பவர்கள் மூன்று சகோதரிகள். ‘மேன்டிஸ் லார்ட்ஸ்’ என்று அவர்களுக்குப் பெயர். மூவரும் உயர்ந்த மூன்று ஆசனங்களில் வீற்றிருக்க, கீழே நிற்கும் நம் சிறு வீரன் தன் ஆயுதத்தை உயர்த்திச் சவால் விட்டாலொழிய போர் தொடங்குவதில்லை. தொடங்கிய பின் முதலில் ஒருத்தி மட்டுமே இறங்கி வருகிறாள். அவளைத் தோற்கடித்தால் அவள் ஆசனத்துக்குத் திரும்ப, மற்ற இருவரும் ஒருசேர இறங்குகிறார்கள். அவ்விருவரில் ஒருத்தி தோற்றதும் எஞ்சியவள் தனித்துப் போரிடுகிறாள். கட்டங்கள் இவ்வளவே.

இந்தப் போரை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் அதன் சிக்கனம். போர் முழுவதிலும் அச்சகோதரிகள் பிரயோகிக்கும் தாக்குதல்கள் மூன்றே மூன்று. ஒன்று, அரங்கின் ஓரத்தில் தரையில் தோன்றி, ஈட்டியை நீட்டிக்கொண்டு மறு ஓரம்வரை பாய்வது. இதைப் பாய்ச்சல் என்போம். இரண்டாவது, நம் தலைக்கு மேலே தோன்றி நேராகக் கீழே குத்துவது, இது குத்து. மூன்றாவது, பக்கச் சுவரில் பற்றிக்கொண்டு ஈட்டியை எறிய, அது வளைந்து அரங்கைச் சுற்றித் திரும்பி வருவது; இது வீச்சு. பாய்ச்சலுக்கு விடை குதிப்பது. குத்துக்கு விடை பக்கவாட்டில் விலகுவது. வீச்சுக்கு விடை, ஈட்டி வளைந்து வரும் வழியைக் கண்டு அது இல்லாத இடத்தில் நிற்பது. ஒவ்வொரு தாக்குதலும் அரங்கின் வேறொரு பகுதியில் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். தரையோரத்தில் அவளைக் கண்டால் பாய்ச்சல், தலைக்கு மேல் கண்டால் குத்து, சுவரில் கண்டால் வீச்சு. அவள் கையையோ முகத்தையோ உற்றுப் பார்க்க வேண்டிய நிர்ப்பந்தமே இல்லை. அவள் எங்கே நிற்கிறாள் என்ற ஒன்றே, என்ன செய்யப் போகிறாள் என்பதையும் சொல்லிவிடுகிறது. கண் ஓரத்தால் பார்த்தாலும் தெரியக்கூடிய அறிகுறி என்றால் இதுதான்.

இனி, ஓர் அறிகுறி தன் கடமையை முழுமையாகச் செய்ய வேண்டுமானால் அது மூன்று செய்திகளைச் சொல்ல வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அடி வருகிறது, இன்ன அடி வருகிறது என்பது முதற் செய்தி. எந்தக் கணத்தில் வந்து விழும் என்பது இரண்டாவது. எந்தத் திசையில் தப்பலாம் என்பது மூன்றாவது. இம்மூன்றில் எதைச் சொல்லி எதை மறைக்கிறான் என்பதிலேயே ஒரு வடிவமைப்பாளனின் குணம் வெளிப்பட்டுவிடும்.

நிண்டெண்டோ 1987ஆம் ஆண்டு வெளியிட்ட ‘பஞ்ச்-அவுட்’ என்னும் குத்துச்சண்டை ஆட்டத்தில் பிஸ்டன் ஹோண்டா என்றொருவர் வருவார். அவர் குத்துவதற்கு முன் அவருடைய புருவங்கள் துடிக்கும். அக்காலத்து இயந்திரத்தில் ஒரு முகத்துக்குக் கிடைத்த புள்ளிகள் மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்துக்குள் புருவத்துக்கென்று சில புள்ளிகளை ஒதுக்கி, அவற்றை அசைத்து, ‘இதோ வருகிறேன்’ என்று சொல்ல வைத்தார்கள். அதே ஆட்டத்தின் பால்ட் புல் என்பவரோ பின்வாங்கிச் சென்று, துள்ளித் துள்ளி நம்மை நோக்கி ஓடிவருவார். அந்தத் துள்ளலின் தாளத்தைப் பிடித்துக்கொண்டவன் சரியான கணத்தில் அவர் வயிற்றில் ஒரு குத்து விட்டால் போதும், மனிதர் விழுந்துவிடுவார். எப்போது என்ற செய்தியைத் துள்ளலே எண்ணிக் கொடுத்துவிடுகிறது. ஆனால் திருப்பிக் குத்தலாம் என்பதை மட்டும் ஆடுபவனே துணிந்து கண்டுபிடிக்க வேண்டும்.

இவற்றுக்கு எதிர்ப்புறத்தில் ஓர் உதாரணம் காட்டுகிறேன். ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் 2022இல் வெளியிட்ட ‘எல்டன் ரிங்’ ஆட்டத்தில் மலீனியா என்ற வீராங்கனை துள்ளி மேலெழுந்து, அந்தரத்தில் ஒரு கணம் நின்று, பிறகு சரமாரியாக வாள்வீச்சுகளைப் பொழிகிறாள். அவளுடைய ஒவ்வோர் அடியும் நம்மேல் பட்டால் அவளுக்கு உயிரும் கூடுகிறது. அவள் மேலெழுவது யார் கண்ணுக்கும் தப்பாது. எப்போது தாக்குவாள் என்பதும் ஒருவாறு புலப்படும். ஆனால் எந்தப் பக்கம் ஓடினால் பிழைக்கலாம் என்பதை அந்த நிலை கொஞ்சமும் சொல்வதில்லை. முதல் இரண்டு செய்திகளும் உரக்க ஒலிக்க, மூன்றாவது செய்தி மட்டும் மௌனம். அதனால்தான் பலர் அந்த ஓர் அடிக்கு விடையைத் தாமாகக் காணாமல், கண்டவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். அதை ரசித்தவர்களும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் முதன்முதலில் அமைக்கும் பாஸுக்கு அது முன்மாதிரி ஆகாது.

அடுத்து, அவகாசம் என்னும் விஷயத்துக்கு வருவோம். இங்கே கொஞ்சம் கணக்குப் போடாமல் தப்ப முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு நொடியில் திரை 60 தடவை புதுப்பிக்கப்படுகிறது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு தடவையையும் ஒரு ஃபிரேம் என்கிறோம். எதிர்பார்த்துக் காத்திருக்கும் ஒருவன் ஒரு காட்சியைக் கண்டு ஒரு பொத்தானை அழுத்துவதற்கு ஏறத்தாழ கால் நொடி, அதாவது 15 ஃபிரேம் ஆகும். எந்தப் பொத்தானை அழுத்துவது என்று தேர்ந்தெடுக்கவும் வேண்டியிருந்தால் இன்னும் அதிகமாகும். தொலைக்காட்சிப் பெட்டியும் கையிலுள்ள கருவியும் தம் பங்குக்குச் சில ஃபிரேம்களைத் தின்றுவிடும்.

இப்போது கும்பிடுபூச்சிச் சகோதரியின் பாய்ச்சலைப் போன்ற ஒன்றை நாமே அமைத்துப் பார்ப்போம். நான் சொல்லும் எண்கள் அந்த ஆட்டத்தின் எண்கள் அல்ல. நம் வசதிக்காக நாமே வைத்துக்கொள்பவை. நம் வீரன் குதித்தால் 48 ஃபிரேம் அந்தரத்தில் இருப்பான். அதில் ஏறும்போது 9, இறங்கும்போது 9 போக, நடுவிலுள்ள 30 ஃபிரேம்களில் அவன் கால் ஈட்டிக்கு மேலே இருக்கும். பாயும் எதிரி அரங்கைக் கடக்க 24 ஃபிரேம் ஆகும். அவள் உடல் நம்மைக் கடந்து போக 6 ஃபிரேம்.

பாய்வதற்கு முன் அவள் பதுங்கி நிற்கும் நேரத்தை 24 ஃபிரேம் என்று வைப்போம். அவள் பதுங்கியதைக் கண்டவுடன் ஆடுபவன் 15ஆம் ஃபிரேமில் குதிக்கிறான். 24 முதல் 54 வரை அவன் ஈட்டிக்கு மேலே இருக்கிறான். எதிரி அருகில் நிற்பவனை 24இலும், அரங்கின் நடுவில் நிற்பவனை 36இலும், எதிர்க் கோடியில் நிற்பவனை 48இலும் வந்தடைகிறாள். அந்தக் கோடியிலும் 54க்குள் கடந்துவிடுகிறாள். ஆகவே எங்கே நின்றாலும், கண்டவுடன் குதித்தவன் பிழைக்கிறான். ஆனால் இரு கோடிகளிலும் மயிரிழையில் பிழைக்கிறான்.

இதைச் சோதித்துப் பார்க்கும் நண்பர்கள், ‘மிகவும் கடினமாயிருக்கிறது’ என்று முறையிடுகிறார்கள். இளகிய மனம் படைத்த வடிவமைப்பாளன் உடனே என்ன செய்கிறான்? பதுங்கும் நேரத்தை இரட்டிப்பாக்கி, 48 ஃபிரேம் ஆக்கிவிடுகிறான். இனி எல்லோரும் எளிதாகத் தப்புவார்கள் என்பது அவன் நம்பிக்கை. நடப்பதோ நேர்மாறானது. கண்டவுடன் குதிப்பவன் முன்போலவே 15இல் குதிக்கிறான், 54இல் ஈட்டியின் மட்டத்துக்கு இறங்கிவிடுகிறான். எதிரி அரங்கின் நடுவை அடைவதோ 60இல். கருணையால் கொடுத்த நேரமே அவனை ஈட்டிமேல் கொண்டுபோய் இறக்கிவிட்டது. இந்த இடத்தில்தான் புதியவர்கள் பலர் திகைக்கிறார்கள். நேரத்தைக் கூட்டக் கூட்டச் சாவு எண்ணிக்கையும் கூடுகிறதே என்று தலையில் கை வைக்கிறார்கள்.

இதற்குப் பரிகாரம் நேரத்தைக் குறைப்பதன்று. அறிகுறியை இரண்டாகப் பிரிப்பது. முதற் பகுதி, ‘நான் செய்யப்போவது பாய்ச்சல்’ என்று பெயர் சொல்லும் பகுதி. அது சாவதானமாக நடக்கலாம். எதிரி தரையில் தோன்றுகிறாள், உடலைத் தாழ்த்துகிறாள், ஈட்டியைப் பின்னால் இழுக்கிறாள். இரண்டாம் பகுதி, ‘இப்போது’ என்று சொல்லும் பகுதி. அது சட்டென்று, முன்னதிலிருந்து முற்றிலும் வேறுபட்டதாக, ஒரு கீச்சொலியோடோ ஓர் ஒளிக்கீற்றோடோ வர வேண்டும். நம் கணக்கில், பாய்வதற்குச் சரியாக 24 ஃபிரேம் முன்னே அந்த ‘இப்போது’ வரட்டும். அதற்கு முந்தைய ஆயத்தம் 24 ஃபிரேமாயிருந்தாலும் சரி, 60 ஃபிரேமாயிருந்தாலும் சரி, முடிவு மாறுவதில்லை. அந்த ஒலியைக் கேட்டுக் குதித்தவன் எங்கே நின்றாலும் பிழைப்பான். முதற்கட்டத்தில் ஆயத்தத்தை நீட்டிக் கற்றுக்கொடுக்கலாம், பிற்கட்டத்தில் அதைச் சுருக்கி விரட்டலாம். ‘இப்போது’ என்பதற்கும் அடிக்கும் உள்ள தூரத்தை மட்டும் போர் முழுவதும் மாற்றாதிருக்க வேண்டும். ஆடுபவனுடைய விரல்கள் மனப்பாடம் செய்வது அந்தத் தூரத்தைத்தான்.

‘எல்டன் ரிங்’கில் மார்கிட் என்பவன் கோலை ஓங்கிக்கொண்டு, அடிக்காமல், அடிக்காமல் நின்று, நாம் பொறுமையிழந்து உருண்ட பிறகு அடிப்பதைப் பற்றி நீங்கள் கேட்கக்கூடும். அது ஏமாற்றா என்றால், இல்லை. அவன் கோல் கீழே இறங்கத் தொடங்கும் கணமே அங்கே ‘இப்போது’ என்பது. ஓங்குவது வெறும் ஆயத்தம். ஓங்குவதைக் கண்டு உருள்பவன் தண்டிக்கப்படுகிறான், இறங்குவதைக் கண்டு உருள்பவன் தப்புகிறான். எனக்கு இதில் உள்ள குறை ஒன்றே: ஆயத்தம் எது, ஆணை எது என்று பிரித்துக் காட்டும் ஒலியோ ஒளியோ போதிய அழுத்தத்தோடு இல்லாததால், பழகிய கண்ணுக்கே அந்த நியாயம் தெரிகிறது.

அடி முடிந்த பிறகு எதிரி தடுமாறி நிற்கும் நேரத்தையும் மறந்துவிடலாகாது. பாய்ந்து சென்ற சகோதரி கண்ணிமைப்பதற்குள் மறைந்துவிட்டால், நாம் எப்போது அடிப்பது? அந்த இளைப்பாறும் நேரம், நம் வீரன் நெருங்கி ஓர் அடி கொடுத்து விலகும் அளவுக்காவது இருக்க வேண்டும். அதற்கும் கூடுதலாக எப்போதாவது ஒரு நீண்ட இடைவெளி வந்தால், ஆடுபவன் ஒரு தேர்வுக்கு ஆளாகிறான்: இரண்டு அடி கூடுதலாகக் கொடுப்பதா, இழந்த உயிரை மீட்டுக்கொள்வதா? ‘ஹாலோ நைட்’டில் காயத்தை ஆற்றிக்கொள்ள வேண்டுமானால் ஏறத்தாழ ஒரு நொடி அசையாமல் நிற்க வேண்டும். எனவே அந்த ஆட்டத்தில் இடைவெளியின் அளவு ஒரு நொடிக்குச் சற்று மேலா, சற்றுக் கீழா என்பதே போரின் சுபாவத்தை நிர்ணயித்துவிடுகிறது.

இனிக் கட்டங்கள். பெரும்பாலான வடிவமைப்பாளர்களின் எண்ணம், கட்டம் மாறினால் புதிய தாக்குதல்கள் நாலைந்து வர வேண்டும் என்பது. வரலாம், வருவதில் குற்றமில்லை. ‘செகிரோ’ என்ற ஆட்டத்தில் கெனிச்சிரோ என்னும் வீரன் கடைசிக் கட்டத்தில் மின்னலைக் கையிலெடுக்கிறான், அது புதியதுதான். ஆனால் அதுவரை நாம் கற்ற வாட்போரும் அப்படியே நீடிக்கிறது என்பதால் அந்தப் புதுமையைத் தாங்க முடிகிறது. முற்கட்டத்தில் கற்றது எதுவும் பிற்கட்டத்தில் பயன்படவில்லையென்றால், அது இரண்டு கட்டம் கொண்ட ஒரு போரன்று. ஒன்றன்பின் ஒன்றாகத் தைத்துவைத்த இரண்டு போர்கள். இரண்டாவதில் தோற்றவன், தான் தேறிவிட்ட முதலாவதை மறுபடி மறுபடி ஆடித் தீர்க்க வேண்டியிருக்கும். அது வரி செலுத்துவது போலாகிவிடும்.

கும்பிடுபூச்சிச் சகோதரிகளோ இரண்டாம் கட்டத்தில் ஒரு தாக்குதலைக்கூடப் புதிதாகக் கொண்டுவருவதில்லை. அதே பாய்ச்சல், அதே குத்து, அதே வீச்சு. ஒருத்திக்குப் பதில் இருவர் செய்கிறார்கள் என்பது ஒன்றே மாற்றம். முதற்கட்டத்தில் ஒரு கேள்விக்கு ஒரு விடை சொன்னவன், இப்போது இரண்டு கேள்விகளுக்கு ஒரே நேரத்தில் விடை சொல்கிறான். கேள்விகள் தெரிந்தவையாதலால் அவனுக்கு அச்சம் இருக்கிறதே ஒழியக் குழப்பம் இல்லை. பின்னர் 2018இல் ‘காட்மாஸ்டர்’ என்ற பெயரில் டீம் செர்ரி குழுவினர் இலவசமாக வெளியிட்ட விரிவில், இதே போர் ‘சிஸ்டர்ஸ் ஆஃப் பேட்டில்’ என்று மறுபிறவி எடுத்தபோது, முதலில் ஒருத்தி, பிறகு ஒருசேர மூவர் என்று ஆக்கினார்கள். அப்போதும் சொற்கள் அவையே. வாக்கியம் மட்டும் நீண்டது.

ஆனால் இருவரை ஒருசேர இறக்குவது, ஒருத்தியைப் பிரதியெடுத்து விட்டுவிடுவதால் முடிகிற காரியமன்று. தனித்தனியே நியாயமான இரண்டு அடிகள் சேர்ந்தால் அநியாயமாகிவிடக்கூடும். மூன்று தாக்குதல்களை இருவருக்குப் பங்கிட்டால் ஆறு சேர்க்கைகள் வரும். ஆறையும் தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆடுபவன் நிற்கத்தக்க இடம் இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

பாய்ச்சலும் பாய்ச்சலும் இரு ஓரங்களிலிருந்து ஒரே கணத்தில் வந்தால், அரங்கின் நடுவில் நிற்பவன் ஒரு குதியில் இரண்டையும் தாண்டிவிடுவான். ஒன்றுக்குப் பின் ஒன்று வந்தால்? மேற்சொன்ன கணக்கையே வைத்துக்கொண்டு பாருங்கள்: இரண்டாமவள் 12 ஃபிரேமுக்குள் பின்தங்கினால் அதே குதி போதும், ஏறத்தாழ 40 ஃபிரேமுக்கு மேல் பின்தங்கினால் இறங்கி, மறுபடி குதிக்க நேரமிருக்கும். இடையிலுள்ள எந்த அளவானாலும், குதித்தவன் அந்தரத்திலிருந்து இறங்கும் வழியிலோ, இறங்கி மறுபடி எழும்புவதற்குள்ளோ ஈட்டியைச் சந்திப்பான். அவன் செய்த பிழை என்று எதையும் சுட்ட முடியாது. இரண்டு சகோதரிகளும் தத்தம் போக்கில் தற்செயலாக நேரத்தைத் தேர்ந்தெடுத்தார்களானால் அந்த இடைப்பட்ட அளவு அடிக்கடி வாய்க்கும். ஆகவே இருவருக்கும் மேலே, ‘நீ இப்போது போ, நீ பொறு’ என்று ஆணையிடும் ஒரு மேற்பார்வையாளனை நிரலுக்குள் வைக்க வேண்டும்.

பாய்ச்சலும் குத்தும் சேர்ந்தால் இன்னும் சிக்கல். ஒன்று மேலே போகச் சொல்கிறது. மற்றொன்று மேலிருந்து வருகிறது. குத்து முதலில் விழுந்து, ஆடுபவன் விலகி நின்ற பிறகு பாய்ச்சல் வந்தால் அது அழகான ஒரு தொடர். இரண்டும் ஒரே கணத்தில் வந்தால் அது பொறி. குத்தும் குத்தும் சேர்ந்தால் இரண்டுக்கும் இடையே வீரனின் உடல் நுழையும் அளவு இடைவெளி இருந்தாலே போதுமானது. வீச்சோடு பாய்ச்சலைச் சேர்த்தால் ஈட்டி காற்றை அடைத்துக்கொள்ள, பாய்பவள் தரையை அடைத்துக்கொள்ள, நிற்க இடமே இல்லாமல் போகும். வீச்சோடு குத்தைச் சேர்த்தாலும் விலகுவதற்கான இடத்தை ஈட்டி பறித்துக்கொள்ளும். ஆதலால் அவை இரண்டையும் விலக்கிவிட வேண்டியதே. நான் குறிப்பிட்ட ஆட்டத்தில் ஒருத்தி சுவரைப் பற்றினால் மற்றவளும் எதிர்ச் சுவரைப் பற்றி, இருவரும் சேர்ந்தே ஈட்டி எறிவதை நீங்கள் கவனித்திருப்பீர்கள். இரண்டு ஈட்டிகளும் குறுக்கிட்டு வளையும் அந்தக் காட்சி கண்ணுக்கு விருந்து என்பது மட்டுமல்ல. வீச்சை வேறெதனோடும் கலக்காமல் தனியே நிறுத்தும் ஒரு வழியும் அதுவே.

கட்டம் மாறும் தருணத்தைப் பற்றிச் சிறிது. ‘ஹாலோ நைட்’டில் எதிரியின் உயிரைக் காட்டும் பட்டை திரையில் கிடையாது. எவ்வளவு அடித்தோம், இன்னும் எவ்வளவு பாக்கி என்று எண்ணிப் பார்க்க வழியில்லை. அப்படிப்பட்ட ஆட்டத்தில், தோற்றவள் தன் ஆசனத்துக்குத் திரும்புவதும் மற்ற இருவர் எழுவதும், பட்டை செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிடுகின்றன. மூன்று ஆசனங்களைப் போர் தொடங்குமுன்பே கண்டவனுக்கு, இன்னும் இருவர் உண்டு என்பது சொல்லாமலே தெரியும். அந்தச் சில நொடிகள் மூச்சு வாங்கவும், காயத்தை ஆற்றிக்கொள்ளவும் பயன்படுகின்றன.

இந்தத் தருணத்தில் நிரல் எழுதுகிறவர்கள் செய்யும் பிழைகள் பழையவை, திரும்பத் திரும்ப வருபவை. உயிர் பாதிக்குக் குறைந்தால் கட்டம் மாற வேண்டும் என்று எழுதிவிடுகிறார்கள். எதிரி பாதி பாய்ச்சலில் இருக்கும்போது அந்த நிபந்தனை நிறைவேறி, அவள் அந்தரத்திலேயே கரைந்து, அவளுடைய அடிக்கும் எல்லை மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் தரையில் தங்கிவிடுகிறது. அதைத் தொட்டவன் எதனால் செத்தான் என்று அவனுக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. நடந்துகொண்டிருக்கும் தாக்குதல் முடியட்டும், அல்லது எதிரி நிலைகுலைந்து அது முறிந்ததாகக் காட்டப்படட்டும். அதன் பின்னரே மாற்றம். இன்னொன்று, மாறும் நேரத்தில் எதிரிமேல் அடி படாது என்று வைத்துக்கொண்டு, அதைத் தெரிவிக்காமலிருப்பது. ஆவலோடு அடித்துக்கொண்டேயிருப்பவன் தன் சக்தியையெல்லாம் காற்றில் விரயம் செய்வான். ஆயுதம் பட்டதும் வேறு ஓசை எழுந்தாலே அவன் புரிந்துகொள்வான்.

ஆனால் இவையெல்லாம் சரியாக அமைந்தனவா என்பதை வடிவமைப்பாளன் தானே ஆடிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அவனுக்கு அந்தப் பாஸின் ஒவ்வோர் அசைவும் அத்துப்படி. மாதக்கணக்காக அதன் முகத்திலேயே விழித்தவன் அவன். புதியவர் ஒருவரை உட்கார வைத்து, அவர் பின்னால் வாய் திறவாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு தடவை அவர் சாகும்போதும் ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: ‘எது உங்களை அடித்தது?’

‘தெரியவில்லை, ஏதோ பட்டது’ என்று அவர் சொன்னால், குற்றம் அறிகுறியில். அது இசையில் மூழ்கியிருக்கலாம். பின்னணியின் நிறத்தோடு கலந்திருக்கலாம். எதிரி திரைக்கு வெளியே நின்றுகொண்டு ஓசையில்லாமல் தொடங்கியிருக்கலாம். அல்லது சிவப்பு ஒளி ஒன்றையே நம்பி அமைக்கப்பட்டு, சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியாத கண்ணுக்கு அது புலப்படாமல் போயிருக்கலாம். ‘பாய்ந்து வந்து அடித்தாள், எப்படித் தப்புவதென்று புரியவில்லை’ என்றால், அறிகுறி நன்று, விடை மறைந்திருக்கிறது. அந்த விடையை முதற்கட்டத்திலேயே, ஆபத்துக் குறைவான ஒரு சந்தர்ப்பத்தில் அவருக்குக் கற்பித்திருக்க வேண்டும். கும்பிடுபூச்சி ஊரில், அரசிகளைச் சந்திக்குமுன் சாதாரண வீரப் பூச்சிகளோடு போரிட்டு வந்தவனுக்கு, அந்த இனத்தாரின் போர்முறை ஓரளவு பரிச்சயமாகியிருக்கும் என்பதை நினைவில் வையுங்கள். ‘பாய்ந்தாள், குதித்திருக்க வேண்டும், தாமதமாகக் குதித்தேன்’ என்றால், எதையும் தொடாதீர்கள். அவரே கட்டுப்பாட்டுக் கருவியை மறுபடி கையில் எடுத்துக்கொள்வார், நீங்கள் சொல்லக்கூட வேண்டியதில்லை.

‘தாமதமாகக் குதித்தேன்’ என்னும் பதில் பத்துப் பேரிடமும் ஒரே தாக்குதலைப் பற்றி வருமானால் மட்டும், ஒரு விதிவிலக்குச் செய்யலாம். அப்போதும் பதுங்கும் நேரத்தில் கை வைக்காமல், ‘இப்போது’ என்னும் ஒலியை இரண்டு மூன்று ஃபிரேம் முன்னே தள்ளிப் பார்த்து, எதிர்க் கோடியில் நிற்பவன் இன்னும் பிழைக்கிறானா என்பதையும் ஆறு சேர்க்கைகளையும் மறுபடி தாளில் போட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஏனெனில் இந்த ஒன்று நகர்ந்தால் 12, 40 என்று நாம் கண்ட அந்த இரண்டு எல்லைகளும் கூடவே நகரும்.